ஓடிபி எந்த சிம்முக்கு வரும் என்பதை போன் முடிவு செய்வதில்லை

“அப்பா போனில் ரெண்டு சிம் இருக்கிறது. பேங்க் ஓடிபி எல்லாம் பழைய நம்பருக்கே போகிறது. Settings-ல் மெசேஜுக்கு சிம் 1 என்று மாற்றி வைத்தேன், அப்பவும் பழைய சிம்முக்குத்தான் வருகிறது. யுபிஐ ஆப்பும் புது நம்பரை ஏற்க மாட்டேன் என்கிறது. எங்கே போய் மாற்ற வேண்டும்?”

Settings-ல் நீங்கள் மாற்றியது வெளியே போகும் மெசேஜுக்கான ஏற்பாடு. அப்பா யாருக்காவது எஸ்எம்எஸ் அனுப்பினால் அது எந்த சிம்மிலிருந்து போக வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே வரும் மெசேஜில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. வங்கி தன் பதிவில் அப்பாவின் கணக்குக்கு எதிரே எந்த நம்பரை வைத்திருக்கிறதோ, அந்த நம்பருக்கு ஓடிபியை அனுப்புகிறது. அந்த நம்பர் எந்த சிம்மில் இருக்கிறதோ அங்கே வந்து விழுகிறது. சிம்மை ஸ்லாட் மாற்றிப் போட்டாலும், புதுப் போனே வாங்கினாலும் இது மாறாது. ஆகவே வங்கி ஓடிபிக்கு மாற்ற வேண்டிய இடம் வங்கி. போனில் எதையும் தொட வேண்டாம்.

யுபிஐ கதை இதற்கு நேர் எதிர். அங்கே உங்கள் போன்தான் ஒரு மெசேஜை வெளியே அனுப்புகிறது, அதனால் சிம் தேர்வு அங்கே முக்கியம். உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் வேலை சுலபம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இரண்டு சிம்மும் ஒரே போனில் இருந்து, இரண்டிலும் ரீசார்ஜ் உயிரோடு இருந்தால், ஓடிபி எந்த சிம்முக்கு வந்தாலும் ஒரே மெசேஜ் பெட்டியில்தான் வந்து விழும். ஆப்புகள் ஓடிபியைத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்வதும் அப்படியே நடக்கும். அப்படிப்பட்ட நிலையில் அவசரப்பட்டு எதையும் மாற்றத் தேவையில்லை. பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தப் போகிறீர்கள், அல்லது அது வீட்டில் வேறொருவர் போனில் கிடக்கிறது, அல்லது ஏற்கெனவே முடங்கிவிட்டது என்றால்தான் மாற்றியே ஆக வேண்டும். அப்பா விஷயத்தில் இதில் எது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சிம் இன்னும் வேலை செய்கிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, யார் எந்த நம்பரை வைத்திருக்கிறார்கள் என்பது. ஓடிபி கேட்கும் திரையை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். பெரும்பாலான வங்கித் தளங்களிலும் அரசுத் தளங்களிலும் “XXXXXX4471 என்ற எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது” என்று கடைசி இரண்டு, மூன்று அல்லது நான்கு இலக்கம் காட்டுவார்கள். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த சிம்மில் எந்த நம்பர் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துங்கள். போனில் About phone என்ற இடத்திலும் சிம் விவரத்திலும் நம்பர் காட்டும், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சில போன்களில் அந்த இடம் காலியாக இருக்கும். சிலவற்றில் யாரோ எப்போதோ கையால் தட்டிவைத்த பெயரும் நம்பரும் இருக்கும். பிழையில்லாத வழி ஒன்றுதான்: சிம் 1-ஐத் தேர்ந்தெடுத்து உங்கள் போனுக்கு ஒரு கால், சிம் 2-ஐத் தேர்ந்தெடுத்து இன்னொரு கால். உங்கள் திரையில் எந்த நம்பர் வருகிறதோ அதுவே அந்த சிம்மின் நம்பர்.

இங்கே பலர் குழம்பும் ஒரு சின்ன விஷயம். வங்கி மெசேஜின் தலைப்பில் JD-, VM- என்று இரண்டு எழுத்து இருக்கும். J என்றால் ஜியோ, V என்றால் வோடஃபோன் என்பதால், “ஜியோ சிம்முக்குத்தான் வந்திருக்கிறது” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எழுத்துகள் வங்கியின் மெசேஜை எந்த டெலிகாம் நிறுவனம், எந்த வட்டத்திலிருந்து அனுப்பியது என்பதைக் குறிக்கின்றன. வாங்கிய சிம்முக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாங்கிய சிம் எது என்று தெரிய வேண்டுமானால், கூகுள் மெசேஜஸ் ஆப்பில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளியைத் தொட்டு View details என்பதைப் பாருங்கள். பல போன்களில் மெசேஜுக்குப் பக்கத்திலேயே 1 அல்லது 2 என்று குறி இருக்கும்.

சரி, வங்கிக்கு வருவோம். நம்பரை மாற்றும் வழி ஒவ்வொரு வங்கியிலும் கொஞ்சம் வேறுபடும். ஆனால் அடிப்படை ஒன்றே. பழைய சிம் வேலை செய்கிறது என்றால், பல வங்கிகளில் நெட் பேங்கிங் வழியாகவே மாற்றிக்கொள்ளலாம். பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி, புது நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், இரண்டையும் போட்டால் முடிந்தது. சில வங்கிகள் ஏடிஎம்மிலும் இந்த வசதியை வைத்திருக்கின்றன. பழைய சிம் முடங்கிவிட்டது என்றால் கிளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்: பாஸ்புக், அடையாளச் சான்று, நம்பர் மாற்றப் படிவம், கணக்கில் இருப்பது போலவே கையெழுத்து. பழைய சிம் உயிரோடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கிளையில் கேட்க மறக்கக் கூடாத ஒன்று உண்டு. “சேவிங்ஸ் அக்கவுண்ட், டெபிட் கார்டு, நெட் பேங்கிங் மூன்றுக்கும் இந்த நம்பர்தானே?” என்று கேளுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதன் பதிவு பெரும்பாலும் தனி. உதாரணமாக எஸ்பிஐ கார்டு என்பது ஸ்டேட் வங்கியிலிருந்து வேறான நிறுவனம். வங்கிக் கிளையில் நம்பர் மாற்றினால் கார்டில் மாறாது, அங்கே தனியாக மாற்ற வேண்டும்.

இப்போது ஆதார். வங்கியில் நம்பர் மாற்றிய பிறகும் “ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது” என்று சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வங்கி ஆப்பில் கேஒய்சி செய்யும்போது, வருமான வரிக் கணக்கை ஆதார் மூலம் உறுதி செய்யும்போது, டிஜிலாக்கர் திறக்கும்போது வரும் ஓடிபியை அனுப்புவது வங்கி இல்லை. ஆதாரை நடத்தும் அமைப்பான யுஐடிஏஐ, ஆதார் பதிவில் இருக்கும் நம்பருக்கு அனுப்புகிறது. ஒரே ஆப்பில், ஒரே உட்காரலில் முதல் ஓடிபி ஒரு சிம்முக்கும் இரண்டாவது ஓடிபி இன்னொரு சிம்முக்கும் வருவதற்கு இதுதான் காரணம். ஆப்பில் கோளாறு என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பயனில்லை.

ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பார்க்க வெளியே போக வேண்டாம். myaadhaar.uidai.gov.in தளத்தில் Check Aadhaar Validity என்று ஒரு வசதி இருக்கிறது. ஆதார் எண்ணையும் திரையில் தெரியும் எழுத்துகளையும் போட்டால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், அதோடு பதிவான மொபைல் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் காட்டும். ஓடிபியே தேவையில்லை என்பதால் பழைய சிம் இல்லாதவர்களுக்கும் இது உதவும். நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்கோ, ஆதார் சேவை தரும் தபால் நிலையத்துக்கோ அப்பாவை நேரில் அழைத்துப் போய்விடுங்கள், அது நிச்சயமான வழி. மொபைல் நம்பருக்கு எந்த ஆவணமும் கேட்க மாட்டார்கள், கைரேகையோ கண் பதிவோ போதும். ரசீதில் இருக்கும் யுஆர்என் எண்ணை வைத்து வேலை முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதையெல்லாம் வரிசையாகச் செய்து கொடுத்தேன். உங்கள் அப்பா நிலைமை கிட்டத்தட்ட அதேதான் என்று நினைக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன். அவர் போனில் இரண்டு சிம். பேரன் வாங்கிக் கொடுத்த புது நம்பர் முதல் ஸ்லாட்டில், இருபது வருடமாக வைத்திருக்கும் பழைய நம்பர் இரண்டாவது ஸ்லாட்டில். புது நம்பர் 9026 என்று முடியும், பழையது 4471. யுபிஐ ஆப்பில் புது நம்பரைப் போட்டால், “இந்த நம்பருக்கு வங்கிக் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை” என்று வருகிறது. பழைய நம்பரைப் போட்டால், “எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை” என்று வருகிறது. “ரெண்டுமே கெட்டுப்போச்சு, தம்பி” என்றார்.

முதலில் இரண்டு சிம்மிலிருந்தும் என் போனுக்கு கால் போடச் சொன்னேன். 9026 அழகாக வந்தது. 4471-லிருந்து கால் போகவே இல்லை, ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று ஒரு குரல் சொன்னது. ஆனால் என் போனிலிருந்து 4471-க்கு அழைத்தபோது அடித்தது. ரீசார்ஜ் முடிந்தவுடன் முதலில் நிற்பது வெளியே போகும் கால், மெசேஜ். உள்ளே வருவது இன்னும் சில நாள் ஓடும், பிறகு அதுவும் நின்றுவிடும். அவருக்கு வங்கி மெசேஜ்கள் வந்துகொண்டிருந்ததால் சிம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருந்தார்.

இரண்டு பிழைக்கும் காரணம் இதிலேயே தெரிந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள யுபிஐ எப்படி நம்பரைச் சரிபார்க்கிறது என்று தெரிய வேண்டும். ஆப்பில் சிம்மைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யச் சொன்னதும், ஆப் உங்களுக்கு ஓடிபி அனுப்புவதில்லை. உங்கள் போனிலிருந்து, நீங்கள் காட்டிய சிம் வழியாக, படித்தால் அர்த்தம் புரியாத எழுத்துக் கோவை ஒன்றை எஸ்எம்எஸ் ஆக அனுப்புகிறது. மறுமுனையில் அந்த மெசேஜ் எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்க்கிறார்கள். அந்த நம்பர்தான் உங்கள் அடையாளம். அதை எடுத்துக்கொண்டு, “இந்த நம்பர் பதிவான கணக்கு உங்களிடம் இருக்கிறதா?” என்று வங்கியைக் கேட்கிறார்கள்.

ஆசிரியர் 9026-ஐக் காட்டியபோது எஸ்எம்எஸ் ஒழுங்காகப் போனது, ஆனால் வங்கியின் பதிவில் இருந்தது 4471. அதனால் கணக்கு இல்லை என்ற பதில். 4471-ஐக் காட்டியபோது வங்கியின் பதிவு பொருந்தும், ஆனால் அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகவே வழியில்லை. ஆப்பில் குறை எதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு வரும் பிழை எந்த வகை என்பதை இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கு கிடைக்கவில்லை என்றால் வங்கிப் பதிவில் வேறு நம்பர். எஸ்எம்எஸ் போகவில்லை, சரிபார்க்க முடியவில்லை என்றால் சிம்மிலோ ரீசார்ஜிலோ சிக்கல். சந்தேகம் இருந்தால் மெசேஜ் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல போன்களில் அந்த எழுத்துக் கோவை அனுப்பிய மெசேஜாக அங்கே கிடக்கும். எந்த சிம்மிலிருந்து போனது, போனதா போகவில்லையா என்பதை அதிலேயே பார்க்கலாம்.

ரீசார்ஜைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலிடிட்டி இருந்தால் மட்டும் போதாது, எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியும் இருக்க வேண்டும். குறைந்த விலைத் திட்டங்கள் சிலவற்றில் டேட்டாவும் காலும் இருக்கும், எஸ்எம்எஸ் இருக்காது. அப்போது யுபிஐ எஸ்எம்எஸ் போகாது. ஆசிரியரின் பழைய சிம்முக்கு எஸ்எம்எஸ் உள்ள ஒரு சிறிய திட்டத்தைப் போட்டோம். டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதியின்படி, டேட்டா இல்லாமல் காலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும். ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் சிம்முக்கு அது போதும், கடையில் அப்படியே கேளுங்கள்.

ரீசார்ஜ் ஏறியதும் 4471-லேயே யுபிஐ வேலை செய்திருக்கும். ஆனால் அவர் பழைய நம்பரை மெல்ல விட்டுவிட நினைத்தார். அதனால் ஆப்பைத் தொடாமல், முதலில் வங்கிப் பதிவை 9026-க்கு மாற்றினோம். இரண்டு நம்பருக்கும் ஓடிபி வந்தது. வங்கியிலிருந்து மாற்றம் முடிந்தது என்று புது நம்பருக்கு மெசேஜ் வந்த பிறகுதான் யுபிஐ ஆப்பைத் திறந்தோம். அங்கே சிம் தேர்வு வந்தபோது தவறு நடக்காமல் இருக்க, பழைய சிம்மை சிறிது நேரம் அணைத்து வைத்தேன். ஒரே சிம் மட்டும் உயிரோடு இருந்தால் ஆப்புக்கு வேறு வழி இல்லை. கணக்கு உடனே கிடைத்தது.

அந்தத் தற்காலிக அணைப்பு எங்கே இருக்கிறது என்றால், சாம்சங்கில்:

```
Settings → Connections → SIM manager
```

பிக்சல், மோட்டோரோலா போன்றவற்றில்:

```
Settings → Network & internet → SIMs
```

சிம்மின் பெயருக்குப் பக்கத்திலோ, அதைத் தொட்டு உள்ளே போனாலோ ஒரு சுவிட்ச் இருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்த நம்பருக்கு வரும் காலும் ஓடிபியும் நின்றுபோகும். நீங்கள் சிம் 1 என்று மாற்றி வைத்த இடமும் இதே பக்கத்தில்தான். அதை அப்படியே விட்டுவிடுங்கள், தவறு ஒன்றும் இல்லை. ஆனால் யுபிஐ ஆப் கேட்கும்போது அந்தத் தேர்வை மட்டும் நம்பியிருக்காமல், ஆப்பின் திரையிலேயே சிம்மைப் பார்த்துத் தொடுங்கள்.

நம்பர் மாறிய பிறகு யுபிஐயில் சில பக்க விளைவுகள் உண்டு. புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, பயப்பட வேண்டாம். போன் நம்பரையே யுபிஐ ஐடியாக வைத்திருந்தால் அது மாறும், பழைய ஐடியில் போட்டிருந்த ஆட்டோபே எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னைப் புதிதாகப் போட நேர்ந்தால், டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும். கார்டு இல்லாமல் ஆதார் மூலம் பின் போடலாம்தான், ஆனால் அதற்கு ஆதாரிலும் வங்கியிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு ஆதாரில் இன்னும் 4471 இருந்ததால் அந்த வழி திறக்கவில்லை, கார்டை வைத்துத்தான் போட்டோம். அடுத்த வாரம்தான் தபால் நிலையத்தில் ஆதார் நம்பரையும் மாற்றிக்கொண்டார். அதை ஆப்பைத் தொடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

நீங்கள் இந்த வரிசையில் செய்யுங்கள், மாற்றாதீர்கள். முதலில் பழைய சிம்முக்கு ரீசார்ஜ், அப்புறம் வங்கி, ஆதார், கடைசியில் ஆப்புகள். பழைய சிம்மை எல்லாம் முடியும்வரை விடக் கூடாது. பலர் புது சிம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் “பழைய நம்பருக்கு வந்த ஓடிபியைப் போடவும்” என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. விட்டுவிட்ட நம்பர் அப்படியே சும்மா கிடக்காது. துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழிந்த பிறகு டெலிகாம் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்பாவின் வங்கிக் கணக்கில் அந்த நம்பர் இன்னும் இருந்தால், அப்பாவின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். சும்மா வைத்திருக்கும் சிம்முக்கும் இதே 90 நாள் கணக்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே வரும் ஓடிபி மெசேஜ் பயன்பாடாகக் கணக்கில் சேராது. கால் வந்தாலோ போனாலோ சேரும், எஸ்எம்எஸ் அனுப்பினாலோ டேட்டா ஓடினாலோ சேரும். ஓடிபிக்காக மட்டும் ஒரு சிம்மை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை அதிலிருந்து வீட்டில் யாருக்காவது கால் போட்டுவிடுவது நல்லது.

சிலர் பழைய நம்பரிலிருந்து புது நம்பருக்குக் கால் ஃபார்வர்டிங் போட்டுவிட்டு, ஓடிபியும் வந்துவிடும் என்று காத்திருப்பார்கள். ஃபார்வர்டிங்கில் கால் மட்டும்தான் போகும், எஸ்எம்எஸ் போகாது. யாராவது போனில் அழைத்து, “ஓடிபியை வேறு சிம்முக்கு மாற்றித் தருகிறோம், இந்தக் குறியீட்டை அழுத்துங்கள்” என்றால் உடனே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு குறியீடு எந்த நிறுவனத்திடமும் இல்லை. அது உங்கள் கால்களைத் தங்கள் நம்பருக்குத் திருப்பிக்கொள்ளும் தந்திரம். ஓடிபியைக் காலில் சொல்லும் வசதியை வைத்துப் பணம் எடுக்கப் பார்ப்பார்கள். அப்பாவிடம் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

நம்பர் சரியாக இருந்தும் ஓடிபி வரவில்லை என்றால், காரணம் பதிவில் இல்லை. இரண்டு மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்த சிம்முக்குப் பதில் வாங்கியிருந்தாலோ, இ-சிம்முக்கு மாறியிருந்தாலோ முதல் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தப்பட்டிருக்கும். சிம் மாற்றி நடக்கும் மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. மறுநாள் முயன்றால் வரும். அப்புறம், ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிம் வெளி உலகத்துக்குக் கிடைக்காமல் போவது பல போன்களில் உண்டு. இரண்டு சிம் இருந்தாலும் அலைவரிசையைப் பிடிக்கும் ரேடியோ ஒன்றுதான், அதைப் பேசும் சிம் எடுத்துக்கொள்ளும். வங்கிக்காரரிடம் சிம் 1-ல் பேசிக்கொண்டே சிம் 2-க்கு ஓடிபி வரும் என்று காத்திருந்தால், காலை வைத்த பிறகுதான் வந்து விழும், அதற்குள் அது காலாவதியாகியிருக்கும். ஓடிபி வேண்டுமென்றால் காலை வைத்துவிட்டுக் கேளுங்கள். மெசேஜ் ஆப்பில் Spam & blocked என்ற பகுதியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஐபோனிலும் உள்ளே வரும் ஓடிபி விஷயம் அச்சு அசல் இதேதான். அங்கே Settings-ல் Mobile Service என்ற இடத்தில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பெயர் வைக்கலாம், Primary, Secondary என்று இருப்பதை “பேங்க்”, “வீடு” என்று மாற்றிக்கொண்டால் குழப்பம் வராது. ஐமெசேஜ் பதிவுக்கு ஐபோனே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் என்பதால், யுபிஐக்குச் சொன்ன ரீசார்ஜ் விதி அதற்கும் பொருந்தும்.

வாட்ஸாப்பில் ஓடிபி நீங்கள் தட்டும் நம்பருக்கே வரும், அந்த நம்பர் எந்தப் போனில் இருந்தாலும் சரி. புது நம்பருக்குப் போக வேண்டுமானால் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். Settings → Account → Change number வழியாகப் போனால் குழுக்கள் எல்லாம் அப்படியே கூட வரும். கூகுள் கணக்கில் இரண்டு இடத்தில் நம்பர் இருக்கும்: மீட்புக்கு ஒன்று, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒன்று. myaccount.google.com-ல் Security பகுதியில் இரண்டையும் பாருங்கள், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

மற்றவை எல்லாம் சின்ன வேலை, ஆனால் எண்ணிக்கை அதிகம்: வருமான வரித் தளம், பிஎஃப் இருந்தால் அது, கேஸ் இணைப்பு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, மின் கட்டணம், காப்பீடு. தமிழ்நாட்டு ரேஷன் தளமான tnpds.gov.in-ல் உள்ளே நுழைவதே பதிவான நம்பருக்கு வரும் ஓடிபியை வைத்துத்தான், அதனால் பழைய சிம் இருக்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். எங்கெல்லாம் பழைய நம்பர் இருக்கிறது என்று நினைவுக்கு வரவில்லை என்றால், அப்பாவின் மெசேஜ் பெட்டியில் OTP என்று தேடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் பழைய நம்பருக்கு யார் யாரெல்லாம் ஓடிபி அனுப்பியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அங்கேயே கிடைக்கும். ஒவ்வொன்றாக மாற்றி, அந்த இடத்தில் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்து, ஓடிபி புது நம்பருக்கு வருகிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். பட்டியல் முடிந்த பிறகும் பழைய சிம்மை இன்னும் ஒரு ரீசார்ஜ் காலம் போனிலேயே வைத்திருங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அந்தக் காலத்துக்குள் அதில் ஒரு ஓடிபி வந்து நிற்கும்.